கசாயம் தேடி வந்தவரும் கதை தேடி வந்தவரும்

பேச்சுக்கு ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். பெயர் ‘கைமருந்து’. 1964-இல் தாமிரபரணிக் கரையில் நடக்கும் கதை. சித்த வைத்தியர் ஒருவர் ஊரில் இல்லாத இரவில் அவருடைய மகள் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கிறாள். விடிவதற்குள் அவர் இறந்துவிடுகிறார். பழி அவள் மேல் விழுகிறது. எழுதியவர் நான்கு வருடம் உழைத்து முடித்து, அமேசானின் கிண்டில் கடையில் தானே மின்நூலாகப் போடுகிறார். ஒரு மாதம் கழித்து முதல் விமர்சனம் வருகிறது. ஒரே ஒரு நட்சத்திரம். கூடவே ஒரு வரி: ‘சளிக்கு ஒரு கசாயம்கூட இதில் இல்லை.’

வாசகரைக் குற்றம் சொல்ல முடியாது. அட்டையில் ஓர் உரலும் சில இலைகளும் இருந்தன. தலைப்பு கைமருந்து. இது நாவல் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. புத்தகக் கடை என்றால் கடைக்காரர் அதை நாவல் அடுக்கில் வைத்திருப்பார். வாங்குபவர் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்திருப்பார், நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்திருப்பார். மின்நூல் கடையில் இந்த வேலைகளையெல்லாம் செய்யவேண்டியவை படிவத்தில் உள்ள மூன்று கட்டங்கள்: துணைத்தலைப்பு, நூல் விவரம், பிரிவு. தலைப்பு எவ்வளவு பூடகமாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மூன்றும் ஒரே விஷயத்தை நேராகச் சொல்லவேண்டும்.

கிண்டில் கடைக்கான பதிவேற்றத் தளமான கே.டி.பி.யில் படிவம் மொழியில் ஆரம்பித்து, தலைப்பு, துணைத்தலைப்பு, விவரம் என்று இறங்கி அதன் பிறகுதான் பிரிவுக்கு வருகிறது. அதனால் பலரும் பிரிவை அவசரத்தில் முடிவு செய்கிறார்கள். அதைத்தான் முதலில் முடிவு செய்யவேண்டும். எந்த அடுக்கில் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால்தான் பக்கத்தில் நிற்கும் புத்தகங்களிலிருந்து வேறுபட்டுத் தெரியத் துணைத்தலைப்பில் என்ன எழுதுவது, வந்து நிற்பவரிடம் விவரத்தில் என்ன பேசுவது என்பதெல்லாம் தெளிவாகும்.

எந்த அடுக்கு?

பிரிவுகளுக்கு முன்னால் படிவத்தில் `Primary marketplace` என்று கேட்கும். எந்த நாட்டுக் கடையில் உங்கள் புத்தகம் அதிகம் விற்கும் என்று நினைக்கிறீர்களோ அதைச் சொல்லவேண்டும். இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. இதைப் பொறுத்துத்தான் கீழே பிரிவுகளின் பட்டியல் வரும். துப்பறியும் கதைகளின் அடுக்கு இந்தியக் கடையில் `Crime, Thriller & Mystery` என்றும், அமெரிக்கக் கடையில் `Mystery, Thriller & Suspense` என்றும் இருக்கும். பெயர்கள் மட்டுமல்ல, உட்பிரிவுகளும் கடைக்குக் கடை மாறும்.

ஒரு புத்தகத்துக்கு மூன்று பிரிவுகள் வரை தேர்ந்தெடுக்கலாம். இரண்டு பிரிவுகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மேலும் சிலவற்றைச் சேர்க்கச் சொல்லி உதவிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2023-இல் அந்த முறை போய்விட்டது. இப்போது நீங்கள் படிவத்தில் தேர்ந்தெடுக்கும் மூன்றுதான் கணக்கு. பொருந்தாத பிரிவில் புத்தகம் இருப்பதாகத் தோன்றினால் கடையே அதை மாற்றவும் செய்யும்.

‘கைமருந்து’ நாவலின் ஆசிரியருக்கு முன்னால் மூன்று ஆசைகள் வரும். கதையில் ஒரு மரணம் இருக்கிறது, துப்பறியும் அடுக்கில் வைத்தால் என்ன என்பது முதல் ஆசை. அந்த அடுக்குக்கு வருகிறவர் யார் செய்தது என்ற கேள்வியோடு வருகிறார். நம் நாவலில் மருந்து கொடுத்தவள் யார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. ஐம்பது பக்கம் புரட்டியும் ஒரு தடயம்கூடக் கிடைக்காவிட்டால் அவர் மூடி வைத்துவிடுவார்.

கதை 1964-இல் நடப்பதால் `Historical Fiction` பொருந்தும் என்பது இரண்டாவது ஆசை. இங்கேதான் மொழி நம்மை ஏமாற்றுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எழுதுபவரின் காலத்துக்கு ஒரு தலைமுறை முந்திய எந்தக் கதைக்கும் பொருந்தும். தமிழ் வாசகருக்குச் சரித்திர நாவல் என்றால் கல்கி, சாண்டில்யன், குதிரைக் குளம்படி, சோழர் கொடி. கடையில் அந்தப் பிரிவைத் திறந்து மொழியைத் தமிழ் என்று வடிகட்டி, முதல் இருபது அட்டைகளைப் பாருங்கள். வாளும் கோட்டையும் மகுடமும் நிறைந்த வரிசையில் உங்கள் உரலும் இலையும் எப்படி நிற்கும் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அகராதிப்படி சரியான பிரிவும் அக்கம்பக்கத்தை வைத்துப் பார்த்தால் தவறாக இருக்கலாம். வேண்டுமானால் மூன்றாவது இடத்தை இதற்குத் தரலாம், முதல் இடத்தைத் தரக்கூடாது.

மூன்றாவது ஆசைதான் மோசமானது. ஆள் குறைவான ஒரு பிரிவைத் தேடிப் பிடித்தால் சில பிரதிகள் விற்றாலே அதில் முதலிடம் கிடைத்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கணக்கு சரிதான். ஒரு பிரிவில் மற்ற நூல்களைவிட எவ்வளவு விற்கிறது என்பதை வைத்துத்தான் வரிசை எண் வருகிறது, ஆகவே போட்டி இல்லாத இடத்தில் ஏறுவது எளிது. மருத்துவ நூல்களின் ஒரு மூலையில் ‘கைமருந்து’ அப்படி முதலிடத்துக்குக்கூட வரலாம். ஆனால் அங்கே வருகிறவர் மூட்டுவலிக்கு மருந்து தேடி வந்தவர். ஒற்றை நட்சத்திரம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆக, நம் நாவலுக்கு முதல் இரண்டு இடங்களை `Literature & Fiction` என்ற பெரிய பிரிவுக்குள்ளேயே தேடவேண்டும். ஒன்று இலக்கியப் புனைவு சார்ந்தது, இன்னொன்று குடும்ப வாழ்வு சார்ந்தது. பெரிய பிரிவோடு நிற்காமல் பொருந்துகிற உட்பிரிவு வரை இறங்கித் தேர்ந்தெடுங்கள். ‘புனைவு’ என்ற பெருங்கடலில் புது எழுத்தாளரின் புத்தகம் கண்ணில் படவே படாது.

துணைத்தலைப்பு: பழைய ‘அல்லது’

துணைத்தலைப்பு நமக்குப் புதிதல்ல. ராஜம் ஐயர் 1893-இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடங்கிய தொடர்கதையின் முழுப்பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. ‘அல்லது’க்கு முன்னால் இருப்பது ஆவலைத் தூண்டுகிறது, பின்னால் இருப்பது இது யாருடைய கதை என்று சொல்கிறது. அந்தக் காலத் தமிழ் நாவல்கள் பலவும் இப்படி இரட்டைப் பெயரோடுதான் வந்தன. பிறகு அட்டையின் மூலையில் சமூக நாவல், துப்பறியும் நாவல், குடும்ப நாவல் என்று அச்சிடும் வழக்கம் வந்தது. மின்நூலின் துணைத்தலைப்பு அந்த ‘அல்லது’வும் அந்த மூலையும் சேர்ந்ததுதான்.

‘கைமருந்து’ ஆசிரியர் முதலில் எழுதிப் பார்த்தது இது: ‘உணர்ச்சிகள் பொங்கும் ஓர் அற்புதக் காவியம்’. இதை எந்த நாவலுக்கும் ஒட்டலாம் என்பதால் இதனால் எந்த நாவலுக்கும் பயனில்லை. ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு அடுத்ததாக எழுதியது: ‘சிறந்த தமிழ் நாவல், குடும்பக் கதை, காதல் கதை, கிராமத்துக் கதை’. தேடுபவர்கள் தட்டுகிற சொற்களையெல்லாம் கொட்டினால் தேடலில் முன்னால் வரலாம் என்ற எண்ணம். கே.டி.பி. விதிகள் இதைத் தடுக்கின்றன. தலைப்பும் துணைத்தலைப்பும் நூலின் உண்மையான பெயராக, அட்டையில் இருப்பதைப் போலவே இருக்கவேண்டும். தேடுசொற்களைக் குவிப்பது, ‘அதிகம் விற்பனையான’, ‘இலவசம்’ என்றெல்லாம் சேர்ப்பது, வேறு எழுத்தாளரின் பெயரையோ நூலின் பெயரையோ இழுப்பது எதுவும் கூடாது. இப்படிச் செய்தால் நூல் பரிசீலனையிலேயே நின்றுவிடக்கூடும்.

மூன்றாவதாக வந்தது: ‘தாமிரபரணிக் கரை வைத்தியர் குடும்பத்தின் கதை’. இடம் தெரிகிறது, ஆட்கள் தெரிகிறார்கள், ‘கதை’ என்ற ஒரு சொல் கசாயம் தேடி வந்தவரை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அட்டையிலும் தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் இதையே போடவேண்டும். படிவத்தில் ஒன்றும் அட்டையில் ஒன்றுமாக இருக்கக் கூடாது.

தலைப்பும் துணைத்தலைப்பும் சேர்ந்து 200 எழுத்துகளுக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. இந்த எழுத்துக் கணக்கு தமிழில் வேறு மாதிரி நடக்கும். ‘கைமருந்து’ நமக்கு ஐந்து எழுத்து. ஒருங்குறி முறையில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் கணினிக்கு அது ஒன்பது. எனவே 200 என்பதை நம் கணக்கில் ஏறக்குறைய நூறு என்று வைத்துக்கொள்வது நல்லது. கைபேசித் திரையில் நீளமான பெயர் பாதியில் வெட்டப்படும் என்பதால் அவ்வளவுகூடத் தேவைப்படாது.

இன்னொரு கேள்வி ஆங்கில எழுத்து வடிவம். தமிழ் விசைப்பலகை இல்லாமல் தேடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்காக `Kaimarundhu` என்று அட்டையில் சிறிதாகப் போட்டு, படிவத்திலும் சேர்ப்பதில் தவறில்லை. தமிழ் மின்நூல்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். ஆனால் இலங்கைத் தமிழர் பலர் இதே சொல்லை `Kaimarunthu` என்று எழுதுவார்கள். இரண்டையும் தலைப்பில் போட்டால் அசிங்கமாக இருக்கும். ஒன்றைத் தலைப்போடு வைத்துவிட்டு, மற்றதை `Keywords` என்ற தேடுசொல் கட்டங்களில் ஒன்றில் போடுங்கள். அங்கே ஏழு கட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 50 எழுத்துகள் வரை எழுதலாம். துணைத்தலைப்பில் குவிக்க ஆசைப்பட்ட சொற்களுக்கும் இடம் அதுதான். ‘தமிழ்ப் பதிப்பு’ என்று நீங்களாகச் சேர்க்கவேண்டாம். படிவத்தின் முதல் கேள்வியான மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் கடையே பெயருக்குப் பின்னால் `(Tamil Edition)` என்று போட்டுக்கொள்ளும்.

விவரம்: முன்னுரை அல்ல

நூல் விவரத்துக்கு 4,000 எழுத்துகள் வரை இடம் உண்டு. இவ்வளவு இடத்தைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு அணிந்துரை நினைவுக்கு வந்துவிடுகிறது. ‘வணக்கம். இது என்னுடைய மூன்றாவது நாவல். இதை எழுதத் தூண்டிய என் ஆசிரியருக்கும், மெய்ப்புப் பார்த்த நண்பருக்கும்...’ என்று தொடங்கும் விவரங்களைக் கடையில் அடிக்கடி பார்க்கலாம். கைபேசியில் விவரத்தின் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதியைப் பார்க்க `Read more` என்பதைத் தட்டவேண்டும். மேலே உள்ளதைப் படிப்பவருக்குத் தெரிவதெல்லாம் எழுதியவர் நன்றி மறவாதவர் என்பது மட்டும்தான்.

‘கைமருந்து’ ஆசிரியர் பல முறை அடித்து எழுதிக் கடைசியில் வைத்துக்கொண்டது இது:

‘வைத்தியர் ஊரில் இல்லாத இரவில் அவருடைய மகள் செண்பகம் மருந்து கொடுத்தாள். விடிவதற்குள் நோயாளி இறந்துபோனார்.

1964. தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். பெண்ணுக்கு வைத்தியம் சொல்லித்தரக் கூடாது என்று இருந்த அப்பாவிடம், கல்வத்தில் அரைபடும் சத்தத்தை வைத்தே பாதி மருந்துகளைக் கற்றுக்கொண்டவள் அவள். இப்போது ஊர் அவளைக் கொலைகாரி என்கிறது. தானே அவளுக்குக் கற்றுக்கொடுத்ததாக அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பிக்கலாம். அவரோ பொய் சொல்லிப் பழகாதவர்.

ஒரு வீட்டுக்குள் மகளுக்கு மட்டும் மறைத்து வைக்கப்பட்ட அறிவைப் பற்றிய நாவல் இது. மருத்துவக் குறிப்பு நூல் அல்ல.’

முதல் இரண்டு வாக்கியங்கள் தனியாக நின்றாலும் ஒரு கதை இருக்கிறது என்று தெரிகிறது. திரையில் அவை மட்டும் தெரிந்தாலும் போதும். நடுப்பத்தியில் காலமும் இடமும் வருகின்றன, கூடவே ஒரு முடிச்சு விழுகிறது. முடிச்சைப் போட்ட இடத்தோடு நிறுத்தியதுதான் இதில் முக்கியமான முடிவு. அப்பா பொய் சொன்னாரா, நோயாளி உண்மையில் எதனால் இறந்தார் என்பதெல்லாம் முந்தைய வடிவங்களில் இருந்தன. நான்கு வருடம் எழுதிய கதையை முழுதாகச் சொல்லிவிடத் தோன்றுவது இயல்பு. கதையை உடைத்துச் சொல்லக் கூடாது என்பது கே.டி.பி. விதியிலும் இருக்கிறது. கடைசி வரி, தவறி வந்தவருக்கான அறிவிப்புப் பலகை.

விதியில் இன்னும் சில தடைகள் உண்டு. பிறர் பாராட்டிய வரிகள், விமர்சனம் எழுதும்படியான வேண்டுகோள், விலை, தொலைபேசி எண், மின்னஞ்சல், இணைய முகவரி, சில நாளில் பழசாகிப்போகும் அறிவிப்புகள் எதுவும் விவரத்தில் வரக்கூடாது. மூத்த எழுத்தாளர் எழுதிக்கொடுத்த அணிந்துரைக்கு நூலின் உள்ளே இடம் இருக்கிறது.

பத்தி பிரிப்பதையும் மறக்கக் கூடாது. விவரம் ஒரே கட்டியாக வந்தால் தமிழில் படிப்பது இன்னும் கடினம், நம் சொற்கள் நீளமானவை. படிவத்தில் உள்ள தொகுப்பியிலேயே பத்தி பிரித்து, எழுத்தைத் தடிப்பாக்கலாம். சில எளிய குறிகளையும் பயன்படுத்தலாம்:

```
<p><b>முதல் இரண்டு வாக்கியங்கள்</b></p>
<p>காலம், இடம், முடிச்சு</p>
```

தடிப்பு எழுத்தை முதல் வரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விபத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பழக்கத்தால் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கணினியில் ‘கைமருந்து’ அழகாகத் தெரியும். அதை நகலெடுத்து விவரக் கட்டத்தில் ஒட்டினால் கடையில் தெரிவது இதுதான்: `ifkUe;J`. பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு போனதும் வேடம் கலைந்துவிடும். ஒருங்குறிக்கு மாற்றிய பிறகுதான் ஒட்டவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்தால் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்குத் தெரியும். ‘ஔஷதம்’ என்று தேடுகிறவருக்கு ‘ஒளஷதம்’ என்று அடித்த புத்தகம் அகப்படாமல் போகலாம். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. புத்தகம் வெளியானதும் தலைப்பை நகலெடுத்து ஒட்டாமல், கைபேசியில் புதிதாகத் தட்டித் தேடிப்பாருங்கள்.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

விவரம், பிரிவு, தேடுசொல் மூன்றையும் வெளியிட்ட பிறகும் மாற்றலாம். மாற்றம் கடையில் தெரிய மூன்று நாள் வரை ஆகலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றிவிட்டுச் சில வாரம் பொறுத்திருக்கவேண்டும்.

கே.டி.பி. அறிக்கையில் பார்க்கவேண்டியவை இரண்டு. ஒன்று, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்த பிரதிகள். புது எழுத்தாளரின் நூல் அடிக்கடி திரும்பி வந்தால், எழுத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பெயர்ப்பலகையைச் சந்தேகிக்கலாம். இரண்டாவது, சந்தா வாசகர்கள் புரட்டிய பக்கங்களின் கணக்கு. கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் சேர்ந்த நூல்களுக்கு மட்டும் இது வரும். கடையின் கணக்கில் 320 பக்கமுள்ள நாவல், நாள்தோறும் எட்டு, பன்னிரண்டு, ஒன்பது என்றே வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தால் வருகிறவர்கள் வாசலிலேயே திரும்பிப்போகிறார்கள் என்று ஊகிக்கலாம். எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது என்பதால் இது ஊகம் மட்டுமே. நிதானமாகப் படிக்கிற ஒரே ஒரு வாசகராகவும் இருக்கலாம்.

இதைவிட நம்பகமான சோதனைக்கு ஒரு நண்பர் போதும். உங்கள் நாவலைப் படிக்காதவராக, நீங்கள் எழுதுவதைப் பற்றி அதிகம் தெரியாதவராக இருக்கவேண்டும். கடைப் பக்கத்தை அவருடைய கைபேசியில் திறந்து பத்து விநாடி காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இது என்ன புத்தகம், யாருக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள். ‘ஏதோ வைத்தியர் வீட்டுக் கதை, என் அம்மாவுக்குப் பிடிக்கும்’ என்று சொன்னால் மூன்று கட்டங்களும் ஒரே குரலில் பேசுகின்றன என்று அர்த்தம். ‘மருத்துவப் புத்தகமா, சரித்திரமா?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் எந்தக் கட்டம் அந்தக் கேள்வியைக் கிளப்பியது என்று பார்த்து அதை மட்டும் திருத்துங்கள்.

திருத்திய பிறகு ‘கைமருந்து’ பக்கத்துக்கு வருகிற சிலர் வாங்காமல் போவார்கள். அவர்களில் கசாயம் தேடி வந்தவரும் இருப்பார். அவர் கடைசி வரி வரை படித்துவிட்டு வேறு புத்தகத்துக்குப் போனால், அந்த ஒற்றை நட்சத்திரம் இனி வராது.